மூணு ரிப்போர்ட், ஒரே கர்ப்பம்: 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் எப்படி பண்றோம், எப்படி படிக்கிறோம்

லேப்ல வேலை பாக்கிறவங்ககிட்ட சொந்தக்காரங்க அதிகமா கேக்கிற கேள்வி, "அங்க எடுத்தா நார்மல்னு வருது இங்க எடுத்தா சுகர்னு வருது, எது உண்மை?"ங்கிறதுதான். ரத்த சுகர்ல எல்லா டெஸ்டுக்கும் இது வரும்னாலும் குளுக்கோஸ் குடிச்சு எடுக்கிற ஓஜிடிடி டெஸ்ட்லதான் ரொம்ப வரும், ஏன்னா அதுல ஆளும் சேர்ந்து ஒழுங்கா இருக்கணும், தண்ணில கரைச்சதும் ஒழுங்கா இருக்கணும், கடிகாரமும் டியூபும் ஒழுங்கா இருக்கணும், அப்புறம் எந்த அட்டவணைய வச்சு படிக்கிறோம்ங்கிறது வேற. இதெல்லாம் ஒரே கேஸ்ல வந்து மாட்டுன ஒரு பொண்ணோட கதைதான் இது. அடையாளம் தெரியக்கூடாதுன்னு பேரு ஊரு எதுவும் போடல.

வயசு 29, ரெண்டாவது கர்ப்பம். முதல் குழந்தை பிறக்கும்போது மூணு கிலோ எண்ணூறு, அப்ப சுகர்னு யாரும் சொல்லல. அம்மாவுக்கு சுகர் இருக்கு. இந்த தடவை 14 வாரத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துல ரெகுலரா எடுக்கிற டெஸ்ட் எடுத்தாங்க, காலைல சாப்பிட்டுட்டே போயிருக்காங்க, 75 கிராம் குளுக்கோஸ் குடுத்து ரெண்டு மணி நேரம் கழிச்சு பாத்தா 128. இது டிப்சி முறை. சென்னை டாக்டர் வி. சேஷய்யா முன்னெடுத்த வழி, வெறும் வயித்துல வரணும்னு கட்டாயம் இல்லாம, சாப்பிட்டிருந்தாலும் பரவால்ல, ஒரே ஒரு ரத்தம், ரெண்டு மணி நேரத்துல 140 அல்லது அதுக்கு மேல இருந்தா கர்ப்பகால சுகர்னு கணக்கு. நம்ம ஊர்ல இது நல்லா ஓடுறதுக்கு காரணம் நேரா கண்ணுக்கு தெரியும், காலைல பஸ் புடிச்சு வர்ற கர்ப்பிணிய நாளைக்கு வெறும் வயித்தோட வாங்கன்னு திருப்பி அனுப்புனா பாதிப் பேர் வரமாட்டாங்க. மத்திய அரசு வழிகாட்டுதலும் இதேதான் சொல்லுது, முதல் தடவை செக்கப்புக்கு வரும்போது ஒண்ணு, அது நார்மல்னா 24ல இருந்து 28 வாரத்துக்குள்ள இன்னொண்ணு.

128, நார்மல், சரி. ரெண்டாவது டெஸ்ட் நேரம் வந்தப்ப அவங்க ஒரு தனியார் டாக்டர்கிட்ட மாறிட்டாங்க. அந்த மேடம் வெறும் வயித்து முறைல மூணு ரத்தம் எடுக்க எழுதிக் குடுத்தாங்க, அதாவது குடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு, ஒரு மணி நேரத்துல ஒண்ணு, ரெண்டு மணி நேரத்துல ஒண்ணு. 25 வாரத்துல வீட்டுப் பக்கத்துல இருந்த ஒரு கலெக்‌ஷன் சென்டர்ல எடுத்தாங்க. ரிப்போர்ட் 89, 176, 146. கீழ "நார்மல்"னு அச்சடிச்சிருந்துச்சு.

அது தப்புன்னும் சொல்ல முடியாது. கர்ப்பத்துல மூணு ரத்த முறைக்கு உலக சுகாதார நிறுவனம் 2013ல ஏத்துக்கிட்ட எல்லை 92, 180, 153. இதுல ஏதாவது ஒண்ணு எல்லையத் தொட்டாலே போதும், கர்ப்பகால சுகர். இவங்களுக்கு மூணுமே எல்லைக்குக் கீழ. ஆனா அதே 146ஐ டிப்சி கண்ணாடி போட்டுப் பாத்தா 140 தாண்டியாச்சு! ஒரே ரத்தம், ஒரே நம்பர், ஒரு அட்டவணைல நார்மல் இன்னொண்ணுல சுகர். (டிப்சிய சாப்பிட்டு வந்தவங்களுக்கும் சேத்துதான் பண்றோம், அதனால ரெண்டையும் அப்படியே ஒண்ணு மேல ஒண்ணு வைக்கவும் கூடாது, ஆனா 146ங்கிறத பாத்துட்டு நிம்மதியா தூங்கவும் முடியாது.) டாக்டர் அதனாலதான் ரிப்போர்ட்ல பேனாவால அந்த 146ஐ ஒரு வட்டம் போட்டு வச்சிருந்தாங்க. 29 வாரத்து ஸ்கேன்ல குழந்தையோட வயித்துச் சுத்தளவு வயசுக்கு அதிகமா வந்துச்சு, 90வது பெர்சன்டைல் தாண்டி. உடனே எங்க லேபுக்கு அனுப்பிட்டாங்க, திரும்ப முழு டெஸ்ட் எடுக்கச் சொல்லி.

முதல்ல திருப்பி அனுப்பினோம்

வந்த அன்னைக்கே எடுக்கல. நான் கேக்கிற முதல் கேள்வி எப்பவும் ராத்திரி எத்தனை மணிக்கு சாப்பிட்டீங்கங்கிறது இல்ல, இந்த மூணு நாளா என்ன சாப்பிட்டீங்கங்கிறதுதான். அவங்க சொன்னாங்க, "சுகர் இருக்குமோன்னு பயந்துட்டு ஒரு வாரமா சோறே தொடலக்கா, முட்டை, சுண்டல், வெள்ளரிக்காய் அவ்ளோதான்."

நல்லதுதானே பண்ணிருக்காங்கன்னு தோணும். ஆனா இந்த டெஸ்டுக்கு அது ஆகாது. பல நாள் மாவுச்சத்து கம்மியா இருந்தா உடம்பு கொழுப்ப எரிச்சு ஓடப் பழகிடும், இன்சுலின் சுரக்கிற வேகமும் மந்தமாகும், அந்த நேரம் பாத்து திடீர்னு 75 கிராம் குளுக்கோஸ உள்ள தள்ளுனா ஒரு மணி, ரெண்டு மணி நம்பர் இல்லாத உயரத்துக்குப் போகும். சுகர் இல்லாத ஆளுக்கும் சுகர்னு வரலாம். அதனாலதான் முன்னாடி மூணு நாளாவது ஒரு நாளைக்கு 150 கிராமுக்குக் குறையாம மாவுச்சத்து சாப்பிடணும்னு விதி. 150 கிராம்னு சொன்னா மெரண்டுடுவாங்க, நம்ம வீட்டுல காலைல இட்லி, மதியம் ஒரு தட்டு சோறு, ராத்திரி தோசை இல்ல சப்பாத்தின்னு வழக்கமா சாப்பிட்டாலே அது தானா தாண்டிடும். "டெஸ்ட்டுக்காக எதுவும் மாத்தாதீங்கம்மா, எப்பவும் போல சாப்பிடுங்க, நாலாவது நாள் வாங்க"ன்னு சொல்லி அனுப்பினேன். கூட வந்த மாமியாருக்கு கோவம், ஒரு நாள் லீவு வேஸ்ட்டுன்னு. அவங்க கோவத்துலயும் நியாயம் இருக்கு, டெஸ்ட் எழுதிக் குடுக்கும்போதே இத ஒரு வரி சொல்லிவிட்டிருந்தா இந்த அலைச்சல் இல்ல.

அப்படியே இன்னும் ரெண்டு விஷயம் கேட்டுக்கிட்டேன். குழந்தையோட நுரையீரலுக்குன்னு பீட்டாமெத்தசோன் ஊசி ஏதாவது சமீபத்துல போட்டாங்களா? ஏன்னா அது ஸ்டீராய்டு, சில நாளைக்கு சுகர தூக்கி விடும். வயித்த சுருக்குற ஆபரேஷன் எதுவும் நடந்திருக்கா? இருந்தா இந்த டெஸ்டே வேண்டாம், இனிப்பு தண்ணி சர்ருனு குடலுக்கு இறங்கி மயக்கம் வரும், நம்பரும் அர்த்தமில்லாததா இருக்கும். ரெண்டும் இல்ல.

டெஸ்ட் அன்னைக்கு

நாலாவது நாள் காலைல ஏழு மணிக்கு வந்தாங்க. முந்தின ராத்திரி ஒன்பதரைக்கு சாப்பிட்டு முடிச்சிருக்காங்க, அப்ப பத்து மணி நேரம் ஆகப்போகுது. எட்டு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது, பதினாலு தாண்டவும் கூடாது, இதுவும் ஏழு மணிக்கே வரச் சொல்றதுக்கு ஒரு காரணம். தண்ணி குடிக்கலாம், அத ஏன் தடுக்கறாங்கன்னு எனக்குப் புரியறதில்ல, தண்ணி இல்லாம வந்தா நரம்பு கிடைக்காம நாங்கதான் கஷ்டப்படுவோம். காபி, டீ, பால் ஒரு வாய் கூட கூடாது. "சர்க்கரை போடாத பிளாக் காபியா இருந்தா?"ன்னு கேட்டாங்க, அதுவும் கூடாதும்மா.

முதல் ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி நாங்க விரல்ல குத்தி குளுக்கோமீட்டர்ல ஒரு தடவை பாத்துப்போம். இது ரிப்போர்ட்டுக்கு இல்ல, ஒரு காவலுக்கு. வெறும் வயித்துலயே 126க்கு மேல காட்டுச்சுன்னா குளுக்கோஸ் குடுக்காம டாக்டருக்கு போன் போட்டுக் கேப்போம். ஏற்கனவே சுகர்னு தெரியற ஆளுக்கு மேல 75 கிராம் ஊத்தி என்னத்த கண்டுபிடிக்கப் போறோம். இவங்களுக்கு மீட்டர்ல 98 காட்டுச்சு, சரி போலாம்.

கையில நரம்புல இருந்து எடுத்த ரத்தம் சாம்பல் மூடி டியூபுக்குள்ள போச்சு. இந்த டியூப் பத்தி பின்னாடி நெறைய பேசணும், இப்போதைக்கு எடுத்த உடனே எட்டு பத்து தடவை மெதுவா கவுத்துக் கவுத்து கலந்து நேரா ஐஸ் தண்ணி டப்பாவுக்குள்ள வச்சோம்ங்கிறத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

அடுத்து கரைசல். இதுல நடக்கிற கூத்த பாத்தா டெஸ்டே நம்ப முடியாது. 75 கிராம்ங்கிறது தண்ணி சேராத சுத்த குளுக்கோஸோட எடை. பாக்கெட்ல மோனோஹைட்ரேட்னு போட்டிருந்தா அந்த தூளுக்குள்ளயே கொஞ்சம் தண்ணி கட்டுண்டு கெடக்கும், அப்ப 82.5 கிராம் எடுத்தாதான் உள்ள நெஜமான குளுக்கோஸ் 75 வரும். பாக்கெட்டத் திருப்பி பாக்காம 75ஐ அளந்து போட்டா சுமார் 68 கிராம்தான் உள்ள போகும். கடைல ஆரஞ்சு வாசனையோட கிடைக்கிற குளுக்கோஸ் பொடில வேற சேர்மானமும் இருக்கலாம், மூணு டேபிள்ஸ்பூன் போடுன்னு கையளவுல போடற பழக்கமும் நான் பாத்திருக்கேன், டேபிள்ஸ்பூன் எல்லாம் ஒரு அளவாங்க.

நாங்க எடை போட்ட தூளுக்கு முதல்ல கொஞ்சம் வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி ஸ்பூனால கலக்கி, கண்ணாடி மாதிரி தெளிஞ்சதுக்கு அப்புறம் மீதி குளிர்ந்த தண்ணிய ஊத்தி மொத்தம் 300 மில்லி ஆக்குவோம். பச்சத் தண்ணில அப்படியே கொட்டுனா அடியில வெள்ளையா ஒரு படலம் தங்கிடும், குடிக்கிறவங்க கடைசி வாய்க்கு வரும்போது குமட்டிக்கிட்டு டம்ளர வச்சிடுவாங்க, அங்கதான் பத்து கிராம் காணாமப் போகும். அதனால நான் டம்ளர வாங்கி வெளிச்சத்துல தூக்கி அடிய பாத்துட்டுதான் கீழ வைப்பேன், ஒட்டிருந்தா ஒரு மடக்கு தண்ணி ஊத்தி சுத்தி அதையும் குடிக்கச் சொல்வேன். அர மூடி எலுமிச்சை பிழிஞ்சுக்கலாம், அது நம்பர அசைக்காது, குமட்டல் நல்லா கொறையும்.

மொத்தத்தையும் அஞ்சு நிமிஷத்துக்குள்ள குடிக்கணும். ஒரே மடக்குல இல்ல, ஆனா டீக்கடைல பேப்பர் படிச்சுக்கிட்டு உறிஞ்சற மாதிரியும் இல்ல. கடிகாரம் முதல் வாய் உள்ள போன நிமிஷத்துல ஆரம்பிக்குது, குடிச்சு முடிச்சப்ப இல்ல. இவங்க 7:32க்கு ஆரம்பிச்சு 7:36க்கு முடிச்சாங்க. அப்ப ஒரு மணி நேர ரத்தம் 8:32, ரெண்டு மணி நேர ரத்தம் 9:32. அந்த ரெண்டு நேரத்தையும் அவங்க கைல ஒட்டற பிளாஸ்டர் மேலயே பேனாவால எழுதிடுவேன், ஷிஃப்ட் மாறுனாலும் அடுத்து வர்ற பொண்ணு கைய பாத்தாலே தெரியும்.

இந்த ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கணும். "பக்கத்துல ஜவுளிக்கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்"னு கேக்காத ஆள் கிடையாது. நடந்தா தசை குளுக்கோஸ இழுத்துக்கும், நம்பர் பொய்யா குறையும். படுத்துத் தூங்கறதும் வேண்டாம்னுதான் சொல்றது, வயித்துல இருந்து இறங்குற வேகம் மாறும். உக்காந்திருங்க, போன் பாருங்க, தேவைப்பட்டா ரெண்டு மடக்கு தண்ணி, பாத்ரூம் போலாம், அவ்ளோதான். எங்க வெயிட்டிங் ஹாலுக்குப் பின்னாடியே கேன்டீன், எட்டு மணிக்கு சாம்பார் தாளிக்கிற வாசனை வரும், பாவம் அதுதான் பெரிய தண்டனை.

எட்டே காலுக்கு இவங்களுக்கு வயித்த புரட்டுச்சு. வேர்வை, வாயில எச்சில் ஊறுதுன்னாங்க. ஃபேன் பக்கம் நகத்தி நாற்காலில சாய்ச்சு உக்கார வச்சோம், நெத்தில ஈரத்துணி. வாந்தி வரல, அடங்கிடுச்சு. வந்திருந்தா என்ன பண்றது? டிப்சி முறைக்கு அரசு வழிகாட்டுதல்ல கோடு தெளிவா இருக்கு, குடிச்சு அர மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா டெஸ்ட நிறுத்திட்டு இன்னொரு நாள், அர மணி தாண்டிட்டா தொடரலாம். மூணு ரத்த முறைல பல லேப்கள் இன்னும் கறாரு, நடுவுல எப்ப வாந்தி வந்தாலும் நிறுத்திடுவாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது, எவ்வளவு வெளிய போச்சுன்னு யாருக்குத் தெரியும். தொடர்றதா இருந்தாலும் எத்தனை நிமிஷத்துல வாந்தின்னு ரிப்போர்ட்ல எழுதியே ஆகணும். சில பேர் வாந்திய மறைச்சிடுவாங்க, திரும்ப அந்த தண்ணிய குடிக்கணுமேங்கிற பயம். பாத்ரூம் போயிட்டு வர்றவங்க முகத்த பாத்தா தெரியும்.

8:32, 9:32, ரெண்டு ரத்தமும் நிமிஷம் தவறாம எடுத்தோம். எல்லாமே நரம்பு ரத்தம். இடைல விரல்ல குத்தி எடுத்து ஒப்பிடக்கூடாது, வெறும் வயித்துல விரல் ரத்தமும் நரம்பு ரத்தமும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும், ஆனா குளுக்கோஸ் குடிச்சதுக்கு அப்புறம் விரல் ரத்தம் கணிசமா கூடத்தான் காட்டும், தசை எடுத்துக்கறதுக்கு முன்னாடி இருக்கிற ரத்தம் அது.

எங்க ரிப்போர்ட் 96, 184, 150.

89 எப்படி 96 ஆச்சு

மாமியார் கேட்ட கேள்வி நேரடியானது, "அங்க நார்மல், இங்க சுகரு, யார் பொய் சொல்றா?" யாரும் பொய் சொல்லல. ஆனா அந்த முதல் டெஸ்ட் எப்படி எடுத்தாங்கன்னு அவங்ககிட்டயே கேட்டேன், அதுல விடை பாதி இருந்துச்சு. கலெக்‌ஷன் சென்டர்ல மூணு டியூபும் மேசை மேல ஒரு ஸ்டாண்டுல இருந்துச்சாம், பன்னெண்டு மணிக்கு பையன் பைக்ல வந்து எல்லாத்தையும் மெயின் லேபுக்கு வாங்கிட்டுப் போனானாம்.

ரத்தம் உடம்ப விட்டு வெளிய வந்தாலும் அதுக்குள்ள இருக்கிற செல்கள் உயிரோடதான் இருக்கு, குளுக்கோஸ தின்னுக்கிட்டேதான் இருக்கும். எந்த மருந்தும் இல்லாத டியூப்ல சாதாரண அறை சூட்டுல வச்சா மணிக்கு 5ல இருந்து 7 சதவீதம் குறையும். அதத் தடுக்கத்தான் சாம்பல் மூடி டியூபுக்குள்ள சோடியம் ஃபுளோரைடு போட்டிருக்கு. எல்லாரும் என்ன நெனைக்கிறாங்கன்னா சாம்பல் டியூப்ல போட்டாச்சு, இனி சாயங்காலம் வரைக்கும் கவலை இல்லன்னு. அது பாதி உண்மைதான். குளுக்கோஸ உடைக்கிறதுக்கு செல்லுக்குள்ள ஒரு வரிசையா என்சைம்கள் இருக்கு, ஃபுளோரைடு புடிச்சு நிறுத்துறது கடைசிப் பக்கம் இருக்கிற ஈனோலேஸ்ங்கிற ஒண்ண. பஸ் ஸ்டாண்டு வாசல்ல கேட்ட பூட்டாம கடைசி பிளாட்பாரத்துல தடுப்பு போட்ட மாதிரி, உள்ள கூட்டம் நெரிஞ்சு நின்னாதான் வாசல்ல ஆள் வர்றது நிக்கும். அதுவரைக்கும் முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு, சில நேரம் அதுக்கும் மேல, சுகர் குறைஞ்சுக்கிட்டேதான் இருக்கும், அப்புறம்தான் நிலைக்கும். சிட்ரேட் சேத்த டியூப்கள் வேற மாதிரி, அமிலத்தன்மையால முதல் என்சைமையே உடனே நிறுத்திடும், ஆனா அது எல்லா ஊர்லயும் கிடைக்கிறதில்ல.

அந்த முதல் ரெண்டு மணி நேரத்துல போறது பெரிய அளவு இல்ல, அஞ்சு ஆறு மில்லிகிராம் அப்படி. சாதாரணமா சுகர் பாக்கிறவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல, 210 வர வேண்டியது 204 வந்தா என்ன. ஆனா இங்க எல்லை 92! வெறும் வயித்து நம்பர் பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு எழுபதுல இருந்து தொண்ணூத்தஞ்சுக்குள்ளதான் நெருக்கமா கெடக்கும், அஞ்சு மில்லிகிராம் நழுவுனா ஒரு பெரிய கும்பலே கோட்டுக்கு இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போயிடும். இன்னொண்ணும் இருக்கு. இந்த 92, 180, 153ங்கிற எல்லையே ஹேப்போங்கிற பல நாட்டு ஆய்வுல இருந்து வந்தது, அதுல ரத்தத்த எடுத்த உடனே ஐஸ் தண்ணில வச்சு சீக்கிரமா சுத்திப் பிரிச்சாங்க. அவங்க எல்லைய எடுத்துக்கிட்டு அவங்க எடுத்த முறைய விட்டுட்டா, 89ஐ 92 கூட ஒப்பிடறதுல என்ன அர்த்தம்? அதனாலதான் எங்க லேப்ல ஐஸ், அர மணி நேரத்துக்குள்ள சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி பிளாஸ்மாவ தனியா எடுத்துடறது. இவங்க முதல் டியூப் 7:30க்கு எடுத்தது எட்டு மணிக்கெல்லாம் சுத்தி முடிச்சாச்சு, ரெண்டு மணி நேர ரத்தத்துக்காக காத்திருக்கல. மூணையும் சேத்து ஒரே தடவை ஓட்டுனா கரண்டு மிச்சம்னு நெனைக்கிற இடத்துலதான் முதல் டியூப் மாட்டும்.

ஆனா 89ல இருந்து 96க்கு வந்த ஏழையும் டியூப் தலைலயே கட்ட முடியாது, அது நியாயமும் இல்ல. நடுவுல நாலு வாரம் ஓடியிருக்கு. நஞ்சுக்கொடி வளர வளர இன்சுலின எதிர்க்கிற ஹார்மோன்கள் ஏறிக்கிட்டே போகும், 25 வாரத்துல நார்மலா இருந்தவங்க 29ல தாண்டறது நடக்கக்கூடியதுதான். அதுபோக இந்த டெஸ்டுக்கே ஒரு ஆட்டம் உண்டு, ஒரே ஆளுக்கு ரெண்டு வெவ்வேற நாள் எடுத்தா ரெண்டு மணி நேர நம்பர் பத்து பதினஞ்சு சதவீதம் முன்ன பின்ன வர்றது சர்வ சாதாரணம். அதனால நான் மாமியார்கிட்ட சொன்னது, "அது அன்னைக்கு நிலவரம், கொஞ்சம் கம்மியா காட்டிருக்கவும் வாய்ப்பிருக்கு, இது இன்னைக்கு நிலவரம், இதுல மூணுல ரெண்டு நம்பர் தாண்டிடுச்சும்மா, டாக்டர் சொல்றத கேளுங்க"ன்னு மட்டும்தான்.

மூணு நம்பரும் மூணு வேற கதை

96ங்கிறது ராத்திரி முழுக்க கல்லீரல் எவ்வளவு சுகர வெளிய விட்டுச்சு, அத அடக்க இருந்த இன்சுலின் போதுமாங்கிற கதை. சாப்பாட்டுக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் கம்மி. ஒரு மணி 184ங்கிறது குடிச்ச உடனே கணையம் எவ்வளவு சுறுசுறுப்பா இன்சுலின தள்ளுச்சுங்கிறது. ரெண்டு மணி 150, தசை எவ்வளவு சீக்கிரம் வாங்கிக்கிச்சுங்கிறது. இவங்களுக்கு கடைசி நம்பர் 153க்குக் கீழதான் நிக்குது, ஆனா முதல் ரெண்டும் தாண்டிடுச்சு. ஒண்ணு தாண்டுனாலே போதும்ங்கிறதால கர்ப்பகால சுகர் உறுதி. வெறும் வயித்துல 126 தொட்டிருந்தாலோ ரெண்டு மணில 200 தொட்டிருந்தாலோ அது கர்ப்பத்தால வந்த சுகர்னு சொல்லாம, கர்ப்பத்துல தெரிய வந்த முழு சுகர் வியாதின்னு எழுதுவோம், அது வேற கட்டம்.

வெறும் வயித்து நம்பர் தாண்டுனதுல டாக்டருக்கு ஒரு கவலை இருந்துச்சு, சாப்பாட்ட மட்டும் மாத்தி இத இறக்கறது கஷ்டம்னு. அதேதான் நடந்துச்சு. ரெண்டு வாரம் டயட்டீஷியன் சொன்னபடி சாப்பிட்டதுல சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு மணி நம்பர் 120க்குள்ள அழகா வந்துடுச்சு, ஆனா காலை நம்பர் 95க்குக் கீழ இறங்கவே மாட்டேன்னுச்சு. அதனால ராத்திரில மட்டும் சின்ன அளவு இன்சுலின் ஆரம்பிச்சாங்க. இதுக்கு முன்னாடி யாரோ எடுத்து வச்சிருந்த, மூணு மாச சராசரி சுகர காட்டுற எச்பிஏ1சி ரிப்போர்ட் 5.3னு இருந்துச்சு, "இது நார்மலா இருக்கே"ன்னு வீட்டுக்காரர் காட்டுனார். கர்ப்பத்துல ரத்த சிவப்பணு சீக்கிரம் சீக்கிரம் மாறும், அதனால அந்த டெஸ்ட் கம்மியாதான் காட்டும், கர்ப்பகால சுகர் இல்லன்னு சொல்றதுக்கு அத வச்சு முடிவு பண்ணவே முடியாது.

குழந்தை 38 வாரத்துல, மூணு கிலோ நானூறு. இன்சுலின் பிரசவத்தோட நின்னுச்சு.

இங்கதான் பாதி கேஸ் காணாமப் போகும், குழந்தை பொறந்துட்டா சுகரும் போயிடுச்சுன்னு விட்டுடுவாங்க. இவங்க வந்தாங்க, ஏழாவது வாரம், குழந்தைய மாமியார்கிட்ட குடுத்துட்டு. அதே 75 கிராம், ஆனா இப்ப ரெண்டே ரத்தம் போதும், வெறும் வயித்துல ஒண்ணு, ரெண்டு மணி நேரத்துல ஒண்ணு. நடுவுல குழந்தை அழுததுக்கு பால் குடுத்தாங்க, தூக்கிக்கிட்டு அங்க இங்க நடக்க விடல, நாற்காலிக்கே குழந்தைய கொண்டு வந்து குடுத்தோம். ரிப்போர்ட் 99, 152.

இப்ப அட்டவணை மாறிடும், இத கவனிக்காம 152ஐ கர்ப்பகால எல்லை 153 கூட வச்சு நார்மல்னு விட்டவங்களும் இருக்காங்க. கர்ப்பம் இல்லாத ஆளுக்கு வெறும் வயித்துல 100க்குக் கீழ நார்மல், 100ல இருந்து 125 வரைக்கும் எல்லைக்கோடு (உலக சுகாதார நிறுவனம் இத 110ல இருந்துதான் ஆரம்பிக்கும்), 126 சுகர். ரெண்டு மணி நேரத்துல 140க்குக் கீழ நார்மல், 140ல இருந்து 199 வரைக்கும் சகிப்புத்தன்மை குறைஞ்ச நிலை, 200 சுகர். அறிகுறி இல்லாத ஆளுக்கு சுகர்னு முத்திரை குத்தணும்னா அந்த மாதிரி ரெண்டு நம்பர் வேணும், ஒரே டெஸ்ட்ல ரெண்டும் தாண்டிருக்கணும் இல்லாட்டி இன்னொரு நாள் திரும்ப எடுத்து உறுதி பண்ணணும். இவங்க 99 நார்மல், 152 சகிப்புத்தன்மை குறைஞ்ச நிலை, அதாவது சுகருக்கு முந்தின படி.

வெறும் வயித்து டெஸ்ட் மட்டும் எடுத்திருந்தா 99னு வந்திருக்கும், எல்லாம் சரியாயிடுச்சுன்னு வீட்டுக்குப் போயிருப்பாங்க. டாக்டர் அடுத்த வருஷத்துக்கு எழுதிக் குடுத்த சீட்டுலயும் ஃபாஸ்டிங் சுகர்னு எழுதாம, 75 கிராம் ஓஜிடிடி, மூணு நாள் சாதாரண சாப்பாடுன்னு சேத்தே எழுதிருந்தாங்க.